இன்வெர்ட்டர் நிற்காமல் கத்துகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேரன்மகாதேவி, வீரவநல்லூர், அம்பாசமுத்திரம் பக்கம் வீடுகளுக்கு இன்வெர்ட்டர், பேட்டரி சர்வீஸ் பார்க்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் போனை எடுத்தாலே "கத்துது அண்ணாச்சி, என்ன செய்ய?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பாதிப் பேருக்கு நான் நேரில் போக வேண்டிய தேவையே இருப்பதில்லை. சத்தம் எப்போது வருகிறது, எதைச் செய்தால் நிற்கிறது என்று பார்க்கத் தெரிந்தால் போதும். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

கரண்டு போனதும் ஒரு தடவ 'பீப்'னு கேக்கு. அது கோளாறா?

இல்லை. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறிவிட்டது என்று சொல்லும் சத்தம் அது. சில மாடல்களில் அதுகூட வராது, உள்ளே ரிலே மாறும் 'டக்' சத்தம் மட்டும் கேட்கும். அதற்கப்புறம் ஃபேன், லைட் ஒழுங்காக ஓடி, வேறு சத்தம் இல்லையென்றால் பார்க்க ஒன்றுமில்லை.

நிக்காம கத்துது. ஓவர்லோடா, பேட்டரியா, உள்ள கோளாறான்னு எப்படிக் கண்டுபிடிக்க?

பொதுவாக, விட்டு விட்டு மெதுவாக வந்தால் பேட்டரி இறங்குகிறது என்று அர்த்தம். வேகமாக, அவசரமாக அடித்தால் ஓவர்லோடு. ஒரே நீளச் சத்தமாக இழுத்தால் ஷார்ட் அல்லது உள்கோளாறு. ஆனால் இதை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி, ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடல் சத்தம் மாறும். ஒன்றில் வேகமான பீப் ஓவர்லோடாக இருக்கும், இன்னொன்றில் அதே சத்தம் பேட்டரி அணையப் போகிறது என்பதற்கு வரும். உங்கள் மாடலுக்கு எது என்பது கூட வந்த புத்தகத்தில் இருக்கும். முன்பக்கத்தில் Overload, Low Battery என்று எழுதிய விளக்குகளில் எது எரிகிறது என்றும் பாருங்கள்.

புத்தகம் தொலைந்துபோன வீடுகளில் நான் மூன்று விஷயம் கேட்பேன். முதலாவது, கத்தும்போது கரண்டு இருக்கிறதா, இல்லையா? இரண்டாவது, கரண்டு போய் எவ்வளவு நேரத்தில் கத்த ஆரம்பிக்கிறது? மூன்றாவது, ஃபேன், லைட் எல்லாவற்றையும் அணைத்தால் சத்தம் நிற்கிறதா?

கரண்டு போன உடனே, அல்லது எதையாவது போட்ட உடனே கத்தி, அணைத்ததும் நின்றால் ஓவர்லோடு. கொஞ்ச நேரம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் கத்தினால் பேட்டரியையும் அதன் வயரையும் பார்க்க வேண்டும். கரண்டு இருக்கும்போதே கத்தினால் கரண்டு இன்வெர்ட்டருக்குள் வந்து சேரவில்லை, அல்லது சார்ஜ் ஏறவில்லை. எல்லாவற்றையும் அணைத்த பிறகும் கத்தினால்தான் உள்கோளாறைச் சந்தேகப்பட வேண்டும். இனி வரும் பதில்கள் எல்லாம் இந்த நாலில் ஒன்றுதான்.

ரெண்டு ஃபேனும் நாலு லைட்டும்தான் ஓடுது. அதுக்கே ஓவர்லோடுங்கு, நம்பவே முடியல.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். பெட்டியில் 900 VA என்று போட்டிருந்தால் 900 வாட் இழுக்கலாம் என்று அர்த்தமில்லை. ஏறத்தாழ 700 வாட்தான் தாங்கும். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட், எல்இடி டியூப் 20 வாட், டிவி 100 வாட் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் சொன்னது 250 வாட்டைக்கூடத் தொடவில்லை. அப்படியென்றால் உங்கள் கண்ணில் படாத ஏதோ ஒன்று அந்த லைனில் இருக்கிறது.

பெரும்பாலும் அது ஃபிரிட்ஜாக இருக்கும். ஓடும்போது 150 வாட்தான் எடுக்கும், ஆனால் கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். அதனால்தான் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கத்திவிட்டு அடங்கும். மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், ரைஸ் குக்கர் எல்லாம் தனியாகவே 500 முதல் 1000 வாட் வரை போகிறவை. அடுப்படியில் உள்ள பிளக் பாயின்ட் இன்வெர்ட்டர் லைனில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இதில் ஆபத்தான வகை ஒன்று உண்டு. வீட்டில் புதிதாக ஒரு அறை எடுத்து வயரிங் செய்தபோது இன்வெர்ட்டரின் பேஸ் லைனும் மெயின் பேஸ் லைனும் ஏதோ ஒரு சுவிட்ச் பாக்ஸில் ஒன்றாகச் சேர்ந்துவிடும். கரண்டு போன உடனே மொத்த வீட்டுக்கும், மெயின் ஆனில் இருந்தால் வீட்டுக்கு வெளியே உள்ள லைனுக்கும் சேர்த்து இன்வெர்ட்டர் கரண்டு கொடுக்கப் பார்க்கும். உடனே ஓவர்லோடு. இதைக் கண்டுபிடிக்க, மெயின் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு, இன்வெர்ட்டரில் சேராத ஒரு லைட்டைப் போடுங்கள். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தும் பார்க்கலாம். எரியக் கூடாதது எரிந்தால் லைன் கலந்திருக்கிறது. கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேன் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது. இன்வெர்ட்டரை ஆஃப் செய்து வைத்துவிட்டு, வயர்மேனைக் கூப்பிட்டு அன்றைக்கே பிரிக்கச் சொல்லுங்கள்.

கத்தி, அணைஞ்சு, தானா திரும்ப வந்து, மறுபடியும் கத்துது. கடைசில செத்தே போச்சு.

சாகவில்லை. ஓவர்லோடு வந்தால் இன்வெர்ட்டர் தன்னை அணைத்துக்கொண்டு சில விநாடி கழித்து மீண்டும் முயற்சி செய்யும். சில முறை பார்த்தும் லோடு குறையவில்லை என்றால் பூட்டிக்கொள்ளும். எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, முன்பக்க பட்டனை ஆஃப் செய்து, அரை நிமிடம் விட்டு ஆன் செய்யுங்கள். அப்புறம் ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போடும்போது கத்துகிறதோ அதுதான் காரணம்.

கரண்டு போயி இருவது நிமிசத்துல கத்த ஆரம்பிச்சிருது. பேட்டரி மாத்தணும்னு கடையில சொல்லுதாங்க. மாத்தணுமா?

மாற்றுவதற்கு முன்னால் ஒரு மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். ஒரு பேட்டரி விலைக்கு முன்னால் மீட்டர் விலை ஒன்றுமே இல்லை.

12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரியில் கணக்குப்படி 1800 வாட் அவர் இருக்கிறது. இன்வெர்ட்டரில் போகும் நஷ்டத்தைக் கழித்தால், 300 வாட் லோடுக்கு நல்ல பேட்டரி நாலு மணி நேரம் தர வேண்டும். இன்வெர்ட்டர் பார்ப்பது நேரத்தை அல்ல, தன் முனையில் வந்து சேரும் வோல்ட்டை. அது 10.5 வோல்ட்டை நெருங்கினால் 'பேட்டரி காலி' என்று கத்தி, அப்புறம் அணைந்துவிடும். பேட்டரியில் சார்ஜ் இருந்தும் வழியில் வோல்ட் தொலைந்து போனால், அதற்கும் இதே சத்தம்தான். பலரும் தவறவிடுகிற இடம் இது.

கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். மூன்று வருடப் பேட்டரி. புதுசு வாங்க முடிவு செய்துவிட்டார்கள். மெயினை ஆஃப் செய்து, வழக்கமான ஃபேன், லைட், டிவியை ஓடவிட்டு, சத்தம் வந்ததும் அளந்தேன். மீட்டரின் இரண்டு முள்ளையும் பேட்டரியின் ஈயக் கம்பங்களிலேயே வைத்தபோது 12.1 வோல்ட் இருந்தது. அதாவது பேட்டரி நன்றாக இருக்கிறது. அதே வயர் இன்வெர்ட்டரில் போய்ச் சேரும் முனையில் வைத்தால் 10.7. நடுவில் 1.4 வோல்ட் காணாமல் போகிறது. 300 வாட்டுக்குப் பேட்டரியிலிருந்து 30 ஆம்பியர் போல வரும். அப்படியென்றால் 40 வாட்டுக்கு மேல் அந்த இணைப்பிலேயே சூடாகப் போய்க்கொண்டிருக்கிறது. நெகட்டிவ் கம்பத்துக்கும் அதன் கிளாம்புக்கும் நடுவில் மீட்டரை வைத்தபோது தொலைந்ததில் பெரும்பகுதி அங்கேயே காட்டியது. கிளாம்பின் உள்பக்கம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

இதைச் சரிசெய்ய, கரண்டு பிளக்கைப் பிடுங்கி, இன்வெர்ட்டரை ஆஃப் செய்துவிட்டு நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். கையில் மோதிரம், காப்பு இருக்கக் கூடாது. ஸ்பேனர் இரண்டு கம்பத்தையும் ஒன்றாகத் தொட்டால் நெருப்புப் பறக்கும். சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கம்பத்தையும் கிளாம்பையும் கழுவி (அந்தத் தண்ணீர் பேட்டரிக்குள் போய்விடக் கூடாது), உப்புத்தாளால் தேய்த்து, நன்றாகத் துடைத்து இறுக்கிவிட்டு, மேலே வாஸ்லின் தடவுங்கள். நெகட்டிவைக் கடைசியில் மாட்டுங்கள். அந்த வீட்டில் அந்தப் பேட்டரியே தொடர்ந்து ஓடுகிறது.

ஈயக் கம்பத்துலயே வோல்ட் கம்மியாத்தான் காட்டுது. அப்ப பேட்டரி போச்சுதானே?

பெரும்பாலும் ஆமாம், ஆனால் ராத்திரி முழுக்க சார்ஜ் ஏறிய பேட்டரியில் அளந்தீர்களா என்பதைப் பொறுத்தது. முழுசாக ஏறி, லோடும் சார்ஜும் இல்லாமல் சில மணி நேரம் இருந்த பேட்டரி 12.6, 12.7 காட்ட வேண்டும். 10.5 பக்கம் நின்றால் ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது. ஒரு செல்லுக்கு ஏறத்தாழ 2.1 வோல்ட், அது குறைகிறது, அவ்வளவுதான். சார்ஜ் ஏறும்போது அந்தச் செல் மட்டும் மற்றவற்றைப் போல் நுரைக்காமல் இருப்பதையும் பார்க்கலாம். ஹைட்ரோமீட்டர் வைத்திருப்பவர்கள் ஆறு செல்லிலும் ஆசிட்டின் அடர்த்தியை அளந்து, ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.050க்கு மேல் இறங்கியிருந்தால் அதுதான் என்று உறுதி செய்துகொள்ளலாம். ஒரு செல் போனால் தனியாக மாற்ற வழியில்லை, பேட்டரியையே மாற்ற வேண்டியதுதான்.

12.6 காட்டிவிட்டு லோடு போட்டதும் நிமிடக் கணக்கில் 11க்குக் கீழே சரிந்தால் அதுவும் முதிர்ந்த பேட்டரி. வீட்டு டியூபுலர் பேட்டரிக்கு நாலைந்து வருடம் சாதாரண ஆயுள்.

தண்ணி நாந்தான் ஊத்துதேன். ஆர்ஓ தண்ணி ஊத்தலாம்லா?

ஊற்றக் கூடாது. டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். குடிக்கிற ஆர்ஓ தண்ணீரில் உப்பு கொஞ்சம் மிச்சமிருக்கும். ராதாபுரம், திசையன்விளை பக்கத்துப் போர் தண்ணீரை ஊற்றிய பேட்டரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆசிட்டும் நீங்களாக ஊற்றாதீர்கள், வெளியேறுவது தண்ணீர் மட்டும்தான். மிதவைக் குச்சியில் உள்ள மேல் கோட்டைத் தாண்டாமல் நிரப்புங்கள்.

காலைல இருந்து மெயின்டனன்ஸ்னு கரண்ட நிறுத்துதாங்க. சாயங்காலம் வந்துட்டு. ராத்திரி திரும்பப் போனா ஒரு மணி நேரத்துல கத்துது. காலைல பாத்தா சரியாயிருக்கு!

பேட்டரியில் ஒரு குறையும் இல்லை. காலியான 150 ஏஎச் பேட்டரிக்கு வீட்டு இன்வெர்ட்டர் 10 முதல் 15 ஆம்பியர்தான் சார்ஜ் கொடுக்கும். முழுசாக ஏற 10, 12 மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்குக் கரண்டு வந்து 8 மணிக்குத் திரும்பப் போனால், அதற்குள் கால்வாசியோ அதற்குக் கொஞ்சம் மேலோதான் ஏறியிருக்கும். மெயின்டனன்ஸ் நாளில் பகலில் டிவியை நிறுத்தி வைத்தால் ராத்திரிக்கு மிச்சம் இருக்கும். அடுத்த நாள் ராத்திரியும் இப்படியே கத்தினால் மட்டும் மேலே சொன்ன சோதனைகளைச் செய்யுங்கள்.

கரண்டு இருக்கு, ஃபிரிட்ஜ் ஓடுது, ஆனா இன்வெர்ட்டர் கத்துது. நடு ராத்திரில உயிர வாங்குது.

போனில் நான் முதலில் கேட்பது இதுதான்: முன்பக்கத்தில் Mains விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் இன்வெர்ட்டருக்குக் கரண்டு வரவே இல்லை. அது சாயங்காலத்திலிருந்தே பேட்டரியில் ஓடியிருக்கும். ஃபேனும் லைட்டும் வழக்கம்போல ஓடியதால் யாருக்கும் தெரிந்திருக்காது. ராத்திரி 2 மணிக்குப் பேட்டரி காலியானதும்தான் கத்தும்.

பிளக் நழுவியிருக்கிறதா, அந்த சாக்கெட்டின் சுவிட்சை யாராவது அணைத்துவிட்டார்களா என்று பாருங்கள். அப்புறம் இன்வெர்ட்டரின் பின்பக்கத்தில் ஒரு சின்ன ரீசெட் பட்டனோ எம்சிபியோ இருக்கும். பட்டன் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அழுத்துங்கள், எம்சிபி கீழே விழுந்திருந்தால் தூக்கிவிடுங்கள். Mains விளக்கு வந்துவிடும், சத்தம் நின்றுவிடும். ஃபியூஸ் வைத்த மாடல் என்றால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும், கம்பியைச் சுற்றி வைக்கக் கூடாது.

ஏன் விழுந்தது என்றும் யோசிக்க வேண்டும். கரண்டு இருக்கும்போதும் இன்வெர்ட்டர் லைனில் உள்ள எல்லாப் பொருளுக்கும் கரண்டு இன்வெர்ட்டர் வழியாகத்தான் போகிறது. அந்த லைனில் அயர்ன் பாக்ஸ் போட்டால், கரண்டு இருக்கும்போது ஓவர்லோடு சத்தம் வராது, பின்பக்க பிரேக்கர் மட்டும் சத்தமில்லாமல் விழுந்துவிடும். அன்றைக்கு சாயங்காலம் யாராவது துணி தேய்த்தார்களா என்று கேட்டால் பதில் கிடைத்துவிடும். தூக்கியதும் உடனே விழுந்தால் ஷார்ட். விட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

Mains விளக்கு எரியத்தான் செய்யுது. அப்பவும் பேட்டரி லோன்னு கத்துது.

அப்படியென்றால் சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். கரண்டு இருக்கும்போது பேட்டரிக் கம்பங்களில் மீட்டரை வையுங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் வோல்ட் மெல்ல ஏறி 13.5ஐத் தாண்ட வேண்டும். 12 சொச்சத்திலேயே அசையாமல் நின்றால் சார்ஜர் பகுதி போயிருக்கிறது. இடி மின்னலோடு மழை பெய்த மறுநாள் இந்த அழைப்புகள் கூடும். இது பலகையை எடுத்து சர்வீஸ் செய்ய வேண்டிய வேலை. மூடியைக் கழற்றி நீங்களாகக் கை வைக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

பொழுது சாஞ்சா 'டக் டக்'னு மாறி மாறி பீப் அடிக்கி. கரண்டு போகவே இல்லையே!

லோ வோல்டேஜ். கிணற்றுப் பாசனம் உள்ள களக்காடு, நாங்குநேரி, மானூர் பக்கத்து ஊர்களில் மோட்டார்கள் சேர்ந்து ஓடும் நேரத்தில் இந்தப் புகார் வரும். இன்வெர்ட்டர் UPS மோடில் இருந்தால் ஏறத்தாழ 180 வோல்ட்டுக்குக் கீழே கரண்டை ஏற்காமல் பேட்டரிக்கு மாறிவிடும். வோல்ட் அந்த எல்லையில் ஊசலாடினால் மாறி மாறி வரும், பேட்டரியும் தேவையில்லாமல் இறங்கும். பின்பக்கத்திலோ முன்பக்கத்திலோ உள்ள சுவிட்சை Normal பக்கம் மாற்றினால் அதைவிட மிகக் குறைந்த வோல்ட் வரை ஏற்றுக்கொள்ளும். மாறும் வேகம் கொஞ்சம் குறைவதால் டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகலாம். தெருவில் எல்லோருக்கும் இப்படி என்றால் டிரான்ஸ்பார்மர் பிரச்சினை, மின்னகம் எண் 94987 94987க்குப் புகார் கொடுங்கள்.

எல்லாத்தையும் அணைச்சாச்சு, அப்பவும் ஒரே சத்தமா இழுக்குது.

இன்வெர்ட்டரிலிருந்து வீட்டுக்குப் போகும் லைனின் எம்சிபியை இறக்குங்கள். பிளக் மாதிரி மாட்டியிருந்தால், இன்வெர்ட்டரை ஆஃப் செய்துவிட்டுக் கழற்றி மீண்டும் ஆன் செய்யுங்கள். சத்தம் நின்றால் ஷார்ட் உங்கள் வீட்டு வயரிங்கில் இருக்கிறது. மழைத் தண்ணீர் இறங்கிய வாசல் லைட், வெந்துபோன ஹோல்டர் இரண்டையும் முதலில் பாருங்கள். லைனே இல்லாமலும் இழுத்தால் கோளாறு இன்வெர்ட்டருக்குள். பல்லி உள்ளே போய்ப் பலகையில் விழுந்து கிடப்பதை நிறையப் பார்க்கிறோம்.

தொட்டால் சுடுகிறது, பின்பக்க ஃபேன் சுற்றவில்லை என்றால் சூட்டால் கத்துகிறது. ஆற விட்டு, அலமாரிக்குள் அடைத்து வைத்திருந்தால் வெளியே எடுங்கள். பேட்டரி உப்பியிருந்தாலோ, அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ சோதனை எதுவும் வேண்டாம். கரண்டு பிளக்கைப் பிடுங்கி, இன்வெர்ட்டரை ஆஃப் செய்து, ஜன்னலைத் திறந்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். அந்த அறையில் நெருப்புப் பற்றவைக்கக் கூடாது.

ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். கம்ப்யூட்டர் யூபிஎஸ் பிரிண்ட் போடும்போதெல்லாம் கத்துது.

லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸிலிருந்து கழற்றி நேராகக் கரண்டில் மாட்டுங்கள். 600 VA யூபிஎஸ் 360 வாட் போலத்தான் தாங்கும். லேசர் பிரிண்டருக்குள் டோனரை உருக்கும் ஹீட்டர் கிளம்பும்போது அதைத் தாண்டிவிடும். ஜெராக்ஸ் மெஷினும் அப்படியே. கம்ப்யூட்டரும் மானிட்டரும் மோடமும் மட்டும் யூபிஎஸ்ஸில் போதும்.

பிரிண்டர் இல்லாமலே, கரண்டு போன உடனே ஓரிரு பீப்போடு அணைந்துவிட்டால் உள்ளே உள்ள 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி முடிந்துவிட்டது. இரண்டு மூன்று வருடம்தான் அதன் ஆயுள். கரண்டு இருக்கும்போதே சில மணி நேரத்துக்கு ஒருமுறை கத்துவதும், பல மாடல்களில் பேட்டரி மாற்றச் சொல்வதுதான்.

சத்தத்த மட்டும் நிறுத்த முடியாதா? புள்ள தூங்க மாட்டேங்கு.

யூபிஎஸ்கள் பலவற்றில் முன்பட்டனைச் சின்னதாக ஒருமுறை அழுத்தினால் அந்த நேரத்துக்குச் சத்தம் அடங்கும். வீட்டு இன்வெர்ட்டரில் பெரும்பாலும் அந்த வசதி இருக்காது. பஸ்ஸரைப் பிடுங்கித் தரச் சொல்லிக் கேட்பவர்களுக்கு நான் செய்து கொடுப்பதில்லை. பின்பக்க பிரேக்கர் விழுந்தது தெரியாமல் பேட்டரி ஒவ்வொரு நாளும் அடிவரை காலியாகி, சில மாதத்தில் வீணாகிவிடும். பிள்ளை தூங்க வேண்டுமென்றால் பேட்டரி லோ சத்தம் வந்ததும் ஒரு ஃபேனை மட்டும் விட்டு மற்றதை அணையுங்கள். லோடு குறைந்ததும் வோல்ட் சற்றுத் தூக்கி, சத்தம் நின்று, இன்னும் கொஞ்ச நேரம் ஓடும்.

மெக்கானிக்குக்குப் போன் பண்ணும்போது என்னென்ன சொல்லணும்?

Mains விளக்கு எரிகிறதா, வேறு எந்த விளக்கு எரிகிறது அல்லது திரையில் என்ன எழுத்து வருகிறது, கரண்டு போய் எத்தனை நிமிடத்தில் கத்தியது, எல்லாவற்றையும் அணைத்தால் நின்றதா, பேட்டரி வாங்கிய மாதமும் வருடமும். சத்தத்தைப் போனில் அரை நிமிடம் பதிவு செய்து, இன்வெர்ட்டரின் மாடல் எண்ணோடு அனுப்பினால் இன்னும் நல்லது. எந்த ஃபியூஸ், எந்தக் கிளாம்பு எடுத்து வர வேண்டும் என்று அதிலேயே தெரிந்துவிடும், இரண்டு தடவை வர வேண்டியிருக்காது.